பீட்ரூட்டைக் கெடுத்தது அடுப்பா, ஆப்ப சோடாவா?

"பொண்ணு பிறந்தநாளுக்குக் கடைக் கலர் வேண்டாம்னு பீட்ரூட், மஞ்சள், பாலக்கீரை மூணையும் வெச்சு ஐசிங் பண்ணலாம்னு இருக்கேனுங்க. ஒத்திகைக்கு ரெண்டு கேக் செஞ்சேன். ஒரு கப் மைதா, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, பால், கன்டென்ஸ்டு மில்க், முட்டை இல்லை. பீட்ரூட் சாறு ஊத்தின மாவு நல்ல ரோஸ் கலர்ல இருந்துச்சு, வெந்து வந்தா செம்மண் கலர். மஞ்சள் போட்டதுல அங்கங்க செவப்புப் புள்ளி. சூட்டுக்கு இந்தக் கலர் எதுவும் தாங்காதா? ஐசிங்கும் இப்படித்தான் ஆகுமா?"

ஐசிங் அடுப்புக்குள் போவதில்லை என்பதால் முதல் பயம் வேண்டாம். உங்கள் இரண்டு கேக்கிலும் நடந்ததற்குச் சூட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய பங்கு அந்த அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவுக்கு. ஆனால் ஐசிங்குக்கும் தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. கேக்குக்குள் என்ன ஆனது என்று புரிந்துகொண்டால் அவையும் பிடிபட்டுவிடும். நான் கோபிப் பக்கம் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். நீங்கள் பார்த்த செம்மண் கேக்கை நானும் பார்த்திருக்கிறேன், அதுவும் காசு வாங்கிக்கொண்டு செய்த கேக்கில்.

மஞ்சளிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆரத்தி சுற்றும் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். அங்கே சூடே கிடையாது. மஞ்சளில் இருக்கும் நிறப்பொருளுக்குக் குர்குமின் என்று பேர். புளிப்பிலும் நடுநிலையிலும் அது மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் சிவந்துவிடும். மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு நேரெதிரான காரம். சுண்ணாம்பு காரம், ஆப்ப சோடாவும் காரம்தான். உங்கள் மாவில் சோடா சரியாகச் சலிக்கப்படாமல் சின்னச் சின்னக் கட்டியாக நின்றிருக்கிறது. அந்தக் கட்டி இருந்த இடமெல்லாம் ஒரு குட்டி ஆரத்தித் தட்டு. அதுதான் புள்ளி.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை மஞ்சள் கலந்து சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். செங்கல் நிறத்துக்குப் போகும். அதிலேயே அரை எலுமிச்சை பிழியுங்கள், நுரைத்துக்கொண்டு மறுபடி மஞ்சளாகும். நிறப்பொருள் அழியவில்லை, வேஷம்தான் மாறியிருக்கிறது.

மஞ்சள் சூட்டைத் தாங்குமா என்று ஈரோட்டுக்காரர்கள் கேட்கவே வேண்டாம். காட்டிலிருந்து வெட்டி வந்த கிழங்கைக் கொப்பரையில் போட்டு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் வேகவைத்து, அப்புறம் நாள்கணக்கில் வெயிலில் காயப்போட்டு, டிரம்மில் உருட்டிப் பாலிஷ் போட்டுத்தான் மார்க்கெட்டுக்கே அனுப்புகிறோம். நம் அஞ்சறைப்பெட்டிக்கு வரும் மஞ்சள் ஏற்கெனவே வெந்த மஞ்சள். அடுப்பில் அரை மணி நேரம் இன்னொரு தடவை வேவது அதற்கு ஒரு பொருட்டில்லை. மாவில் புளித்த தயிர் சேர்த்து, சோடாவை மைதாவோடு மூன்று தடவை சலித்துவிட்டால் கேக் உள்ளே பளிச்சென்று மஞ்சளாக வரும். மஞ்சளுக்கு உண்மையான எதிரி வெளிச்சம். அதை ஐசிங் பேசும்போது சொல்கிறேன்.

பீட்ரூட் கதை வேறு. அது காரத்துக்கும் பயப்படும், சூட்டுக்கும் பயப்படும், இரண்டும் சேர்ந்தால் சரணடைந்துவிடும்.

பீட்ரூட்டின் சிவப்புக்கு முக்கியக் காரணம் பீட்டானின் என்ற பொருள். இலேசான புளிப்பில் அது நிம்மதியாக இருக்கும். சூடு ஏறும்போது இரண்டு துண்டாக உடைகிறது. ஒரு துண்டு மஞ்சள் நிறம், இன்னொன்றுக்கு நிறமே இல்லை. உடைந்ததில் ஒரு பங்கு, புளிப்பு இருந்தால், ஆறும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளும். காரம் இருந்தால் உடைவது வேகமாகும், திரும்ப ஒட்டுவதும் நடக்காது. சிவப்பு போய் மஞ்சளும் பழுப்பும் மிஞ்சும். அதைத்தான் செம்மண் என்கிறீர்கள்.

மாவில் ரோஸ் ஆக இருந்தது வெந்தபின் ஏன் மாறியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆப்ப சோடா பச்சையாக இருக்கும்போது மெல்லிய காரம்தான், பீட்ரூட் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சூட்டில் அது காற்றை விட்டுவிட்டு, துணி துவைக்கும் சோடாவின் இனமாக, இன்னும் கடுமையான காரமாக மாறிவிடுகிறது. உங்கள் செய்முறையில் அதை அடக்கத் தயிரோ எலுமிச்சையோ வினிகரோ எதுவும் இல்லை. பாலும் கன்டென்ஸ்டு மில்க்கும் அந்த அளவு சோடாவை அடக்காது. ஒரு கப் மைதாவுக்கு அரை டீஸ்பூன் என்பதே கொஞ்சம் அதிகம். கேக்கைக் கடிக்கும்போது நாக்கில் இலேசாகச் சவுக்காரம் மாதிரி ஒரு ருசி தட்டியிருக்குமே? சோடா மிஞ்சிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதைக் கண்ணால் பார்க்க கேக் அடுப்பு தேவையில்லை. இட்லிப் பானை போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. ஆவியில் வெந்தால் மேல்தோல் சிவக்காது, அதனால் பழுப்பு வந்தால் அது நிறப்பொருளின் பழுப்பு என்று சந்தேகமில்லாமல் தெரியும். அரை கப் மைதா, 3 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி பீட்ரூட் சாறு போட்டுக் கெட்டியாகக் கலந்து மூன்று கிண்ணத்தில் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்தில் பாலும் இரண்டு சிட்டிகை ஆப்ப சோடாவும். இரண்டாவதில் பாலுக்குப் பதில் புளித்த தயிர், சோடா அதே இரண்டு சிட்டிகை. மூன்றாவதில் தயிர், சோடா வேண்டாம், கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. மூன்றையும் இட்லிக் குழியில் ஊற்றி 12 நிமிடம் வேகவையுங்கள்.

நான் செய்தபோது முதலாவது பழைய வெல்லத்தின் நிறத்தில் வந்தது. இரண்டாவது மங்கலான ரோஸ். மூன்றாவதை எடுத்து வைத்தபோது எங்கள் வீட்டில் ஒருத்தர் இது கடைக் கலர்தானே என்று கேட்டார். மூன்றும் பட்ட சூடு ஒன்றுதான், வெந்த நேரமும் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேக் அடுப்பை 180 டிகிரி வைத்தாலும் கேக்கின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் இருக்கும்வரை விடாது. இட்லிப் பானைக்குள் இருக்கும் சூடுதான் அங்கேயும். மேல்தோல் மட்டும்தான் ஈரம் வற்றி அதற்கு மேலே ஏறுகிறது. அங்கே சர்க்கரையும் பால் புரதமும் சேர்ந்து வறுபட்டுப் பழுப்பாகும், பீட்ரூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் மேல்தோலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கேக்கை வெட்டி உள்ளே பாருங்கள். உள்ளே ரோஸ், ஓரத்தில் பழுப்பு என்றால் சூட்டின் வேலை. ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டு ஐசிங் பூசலாம். உள்ளேயும் பழுப்பு என்றால் பெரும்பாலும் காரத்தின் வேலை. செய்முறையை மாற்றவேண்டும்.

மாற்றுவது எப்படி? உங்கள் ஒரு கப் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் சோடா போதும், அதற்கு அரை கப் நன்றாகப் புளித்த தயிர். உப்புவதற்குக் குறைந்தால் முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அமிலமும் காரமும் அளவாகக் கலந்தே வருகிறது. ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு மேலே. பெரிய வட்டக் கேக்காக 45 நிமிடம் வேகவைப்பதைவிடக் கப் கேக்காக 18, 20 நிமிடத்தில் எடுத்துவிட்டால் நிறம் கூடுதலாக மிஞ்சும். அப்படியும் மாவில் பார்த்த ரோஸ் முழுதாக வராது. கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும், அதைக் கணக்கில் வைத்து மாவை ஒரு படி அடர்த்தியாகக் கலக்க வேண்டும். ரெட் வெல்வெட் சிவப்பு வேண்டும் என்றால் பீட்ரூட்டால் நடக்காது, பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீட்ரூட்டை மிக்ஸியில் அரைக்கும்போது போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே அது. கொதித்தால் அந்தத் தண்ணீர் இன்னும் காரமாகும். சிறுவாணி கிடைக்கிற புண்ணியவான்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் வடிகட்டிய தண்ணீர், அதைவிடத் தண்ணீரே இல்லாமல் துருவிப் பிழிவது.

கீரைக்கு வந்தால் எல்லாமே தலைகீழ். என் அம்மிச்சி மண்சட்டியில் கீரை வேகவைக்கும்போது, "மூடி போடாத கண்ணு, கருத்துப் போயிரும்" என்பார். புளி ஊற்றிய கீரை பச்சையாகவே இராது, கவனித்திருப்பீர்கள். கீரையின் பச்சையம் நடுவில் ஒரு மெக்னீசியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் மெக்னீசியம் கழன்றுவிடும். அது போனதும் பச்சை, பாசிப் பழுப்பாகிவிடுகிறது. வேகும்போது கீரையிலிருந்தே கொஞ்சம் அமிலம் ஆவியாக வெளியேறும், மூடி போட்டால் அது திரும்பச் சட்டியிலேயே சொட்டும். அம்மிச்சி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அதனால் பீட்ரூட்டைக் காப்பாற்றிய தயிரும் எலுமிச்சையும் கீரை கேக்கைக் கெடுக்கும். பீட்ரூட்டைக் கெடுத்த உங்கள் பழைய செய்முறை, பாலும் சோடாவும், கீரைக்கு நன்றாகவே பொருந்தும். சோடாவை மட்டும் கால் டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சவுக்கார ருசி வரும். பலபேர் ஒரே மாவைக் கலந்து மூன்றாகப் பிரித்து மூன்று நிறம் ஊற்றி ஒரே டின்னில் அடுக்கப் பார்க்கிறார்கள். ஏதாவது ஒன்று கண்டிப்பாகக் கெடும். மூன்று நிறமும் வேண்டும் என்றால் கேக் வெள்ளையாகவே இருக்கட்டும், நிறத்தை ஐசிங்கில் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நான் சொல்லும் யோசனையும் அதுதான்.

சரி, ஐசிங்.

இங்கே சூடு போய்விட்டது, ஆனால் தண்ணீர் வந்துவிட்டது. 200 கிராம் ஐசிங் சர்க்கரையைக் கேக் மேல் வழியும் பதத்துக்குக் கொண்டுவர 2 மேசைக்கரண்டி திரவம் போதும், ஒரு டீஸ்பூன் கூடினாலே ஓடிவிடும். ஆக, ஊற்றும் ஐசிங் செய்தால் பாலுக்குப் பதில் பீட்ரூட் சாற்றையே அந்த 2 மேசைக்கரண்டியாக ஊற்றிவிடலாம். வேறு எந்த வித்தையும் தேவையில்லை. அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் அதற்குள்ளேயே அடங்கட்டும். நல்ல அடர் ரோஸ் கிடைக்கும்.

வெண்ணெய் ஐசிங் என்றால் சாறு ஊற்ற முடியாது. 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சர்க்கரை என்று அடித்தால் அது தாங்குவது ஒன்றிரண்டு டீஸ்பூன் சாறுதான். அதற்கு மேல் போனால் திரிந்த பால் மாதிரிப் பிரிந்து, ஓரத்தில் ரோஸ் தண்ணீர் கசியும். அதனால் சாற்றைச் சுண்ட வைக்க வேண்டும். கால் கிலோ பீட்ரூட்டைத் தோலைக் கொஞ்சம் ஆழமாகவே சீவுங்கள், மண்வாசம் தோலில்தான் அதிகம். துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தால் ஏறக்குறைய 100 மில்லி வரும். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் சின்னத் தணலில், கொதிக்க விடாமல், 2 மேசைக்கரண்டியாகும்வரை வற்ற விடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், இரும்பு பட்டாலும் இந்த நிறம் கெடும். கொஞ்சம் நிறம் இதிலும் போகும். ஆனால் எலுமிச்சை இருப்பதால் மிஞ்சுவது போதும். முழுதாக ஆறியபின் அரை அரை டீஸ்பூனாக வெண்ணெயில் அடியுங்கள்.

வெண்ணெய் எது என்பதும் முக்கியம். கடையில் வரும் மஞ்சள் வெண்ணெயில் பீட்ரூட் போட்டால் ரோஸ் வராது, பழுத்த கொய்யா மாதிரி ஒரு நிறம் வரும். மஞ்சளும் ரோஸும் கலந்தால் வேறென்ன வரும்? எருமைப் பால் வெண்ணெய் வெள்ளையாக இருக்கும், பசும்பாலில் இருக்கும் மஞ்சள் நிறப்பொருள் அதில் வராது. ஊத்துக்குளிப் பக்கம் எருமை வெண்ணெயாகக் கேட்டு வாங்கினால் ரோஸ் அப்படியே ரோஸாக நிற்கும். அதில் மோர் மிச்சம் இருக்கும், ஐஸ் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, துணியில் ஒற்றி எடுத்துவிட்டு அடியுங்கள். கீரைக்கும் மஞ்சளுக்கும் மஞ்சள் வெண்ணெய் கெடுதல் செய்யாது, கீரைப் பச்சை கொஞ்சம் இளசாகத் தெரியும், அவ்வளவுதான்.

மஞ்சளை வெண்ணெய் ஐசிங்கில் சேர்க்கத் தண்ணீர் தேவையே இல்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அப்படியே தூவினால் நாக்கில் நெறநெறக்கும், பொட்டுப் பொட்டாகத் தெரியும், பச்சை வாசமும் வரும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சின்னத் தணலில் உருக்கி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு ஒரு நிமிடம் சூடாக்குங்கள். பச்சை வாசம் அடங்கும். துணியில் வடித்து, தெளிந்த மஞ்சள் வெண்ணெயை உறைய விட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐசிங்கில் சேருங்கள். 300 கிராம் ஐசிங்குக்கு இதில் பாதிகூடச் செலவாகாது. ரசம் வாசம் வந்துவிட்டால் அளவு மீறிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது.

கீரைக்கு இரண்டு வழி உண்டு. அரைத்துப் பிழிந்த சாற்றை அப்படியே ஊற்றுவது ஒன்று. அது ஊற்றும் ஐசிங்குக்கு ஆகும், ஆனால் பச்சைப் புல் வாசம் வரும், சில மணி நேரத்தில் மங்கவும் ஆரம்பிக்கும். இன்னொன்று நான் செய்வது. ஒரு கட்டு பாலக்கீரையைத் தண்டு நீக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்துகொள்ளுங்கள். பசலை என்று கொடியில் வரும் வழுவழுப்பான கீரையை வாங்கிவிடாதீர்கள், பாலக்தான் வேண்டும். சாற்றைச் சின்னத் தணலில் வைத்துக் கிளறாமல் பாருங்கள். கொதி வருவதற்கு வெகு முன்னாலேயே, கை பொறுக்காத சூட்டில், பால் திரிவது மாதிரிச் சாறு திரியும். பச்சை எல்லாம் திட்டுத் திட்டாக மேலே திரண்டு, கீழே இளமஞ்சள் தண்ணீர் நிற்கும். அந்த நொடியே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். துணியில் வடித்தால் பன்னீர் மாதிரி ஒரு டீஸ்பூன், ஒன்றரை டீஸ்பூன் பச்சைக் களிம்பு மிஞ்சும். கீரையின் பச்சையம் புரதத்தோடு ஒட்டியே இருக்கும், சூட்டில் புரதம் திரளும்போது பச்சையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. தண்ணீரும் கீரை வாசமும் கீழே தங்கிவிடும். இந்தக் களிம்பில் அரை டீஸ்பூன் போட்டாலே 300 கிராம் வெண்ணெய் ஐசிங் பிஸ்தா நிறத்துக்கு வந்துவிடும். ருசியில் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தணலில் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் களிம்பு பாசி நிறமாகிவிடும். அப்படியானால் தூக்கிக் கொட்டிவிட்டு வேறு கட்டு எடுங்கள்.

பச்சை ஐசிங்கில் எலுமிச்சை பிழியாதீர்கள். சூடு இல்லாததால் உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் ஏமாந்து போகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் பச்சை மங்கித் தேய்ந்திருக்கும். வெனிலா மட்டும் போதும்.

முட்டை வெள்ளைக்கரு அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. முட்டை வெள்ளைக்கரு இயல்பிலேயே காரமானது. இட்ட முட்டை நாளாக ஆகக் காரம் கூடிக்கொண்டே போகும். நாமக்கல் முட்டை நம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருந்தபின் எடுத்தால் அது நல்ல காரம். அதில் மஞ்சள் போட்டு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஒரு தோழி கூப்பிட்டுச் சொன்னார், ஆரத்தித் தட்டு மறுபடி வந்துவிட்டது. ஒரு வெள்ளைக்கருவுக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு முதலிலேயே சேர்த்து அடித்தால் மஞ்சளும் பீட்ரூட்டும் ஒழுங்காக நிற்கும். கீரைக்கு மட்டும் சேர்க்காதீர்கள், வெள்ளைக்கருவின் காரம் அதற்கு உதவிதான். குழந்தைகள் சாப்பிடுவது, பச்சை முட்டை என்பதால் நான் மெரிங் பவுடர் வாங்கித்தான் செய்கிறேன். அதில் ஏற்கெனவே அமிலம் கலந்திருக்கும் வகையும் உண்டு, டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள்.

ஐசிங்கும் சூடு பார்க்கும் இடங்கள் ஒன்றிரண்டு உண்டு. சர்க்கரைப் பாகு காய்ச்சி வெள்ளைக்கருவில் ஊற்றும் வகையில், கிண்ணத்தின் அடிப்பக்கம் தொட்டால் குளிர்ந்த பிறகுதான் நிறம் சேர்க்க வேண்டும். மெரிங் பூவாகப் பிழிந்து 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தினால் மஞ்சள் மட்டும்தான் தப்பிக்கும். பீட்ரூட் வெளிறிப் போகும், கீரை பாசியாகும். சூடான கேக் மேல் ஐசிங் பூசுவது நிறத்துக்கு முன்னால் வெண்ணெயையே உருக்கிவிடும், சொல்லத் தேவையில்லை.

நேரக்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் ஞாயிறு மாலை என்றால் சனிக்கிழமை காலை வெள்ளைக் கேக் சுட்டுவிடலாம். சுண்டிய பீட்ரூட் சாறு, மஞ்சள் வெண்ணெய், கீரைக் களிம்பு மூன்றையும் சனி இரவே செய்து மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு மதியம் ஐசிங் அடித்துப் பூசுங்கள். மஞ்சளும் பச்சையும் கொழுப்பில் இருப்பதால் பக்கத்து நிறத்தில் பரவாது. பீட்ரூட் தண்ணீரில் கரைவது, வெள்ளை ஐசிங் மேல் பெயர் எழுதினால் இரவோடு இரவாக ஊறி எழுத்து கொழகொழவென்று ஆகிவிடும். பெயரை எழுதுவது கடைசி வேலை, வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். ஜன்னல் ஓரத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். வெயில் பட்டால் மஞ்சள் ஐசிங் முதலில் வெளிறும், பீட்ரூட் அடுத்தது. மூடிய அட்டைப்பெட்டியில் வைத்து நிழலில் விடுங்கள். சித்திரை, வைகாசிப் பிறந்தநாளாக இருந்தால் எருமை வெண்ணெய் ஐசிங் கூடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது, ஃபிரிட்ஜை விட்டு நேரே வெட்டும் மேசைக்குத்தான்.

அப்புறம், வந்த குழந்தைகளின் அம்மாக்களிடம் பீட்ரூட் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சிலருக்கு அந்தச் சிவப்பு உடம்பில் முழுதாகச் சிதையாமல் மறுநாள் சிறுநீரில் ரோஸாக இறங்கும். கெடுதல் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டு, திங்கட்கிழமை காலை எனக்கு மூன்று போன் வந்தது.